விருந்தாளி அணிக்கு எழுதும் பத்து வரிகள்

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் தொடங்குமுன் மைதான வாசலில் விற்கப்படும் கையேட்டின் தொடக்கப் பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்த அணிக்கும் அதன் ரசிகர்களுக்கும் ஒரு வரவேற்புக் குறிப்பு இருக்கும். பெரும்பாலானோர் கண்ணை ஓட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஒரு சிற்றூர்க் கழகத்துக்காக அதை எழுதிவரும் எனக்கோ, கையேட்டில் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டிய பகுதி அதுதான் என்று தோன்றுகிறது.

முதல் பருவத்தில் பழைய குறிப்பையே எடுத்து, அணியின் பெயரை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவந்தேன். ஒருமுறை நடுவே ஓரிடத்தில் முந்தைய அணியின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு ரயில் மாறி வந்திருந்த ஒரு பெரியவர், தேநீர்க் கடை வரிசையில் என்னிடம் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு குறிப்பையும் புதிதாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன் காலையிலேயே பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விடும். மழையில் மைதானம் சேறாகி ஆட்டம் தள்ளிப்போனால், அதே கையேட்டைப் பல வாரம் கழித்து விற்க நேரலாம். ஆகவே "சென்ற வாரம் நீங்கள் பெற்ற வெற்றி" என்றோ, பட்டியலில் அவர்கள் இருக்கும் இடத்தையோ எழுதுவதில்லை. அவர்களில் யார் முன்பு நம் சட்டையை அணிந்து ஆடியவர், கடந்த முறை இங்கே நம்மைத் தோற்கடித்த அவர்களின் கோல் எப்படி விழுந்தது, கூரை உள்ள நிற்குமிடம் எந்தப் பக்கம் என்பவற்றை எழுதுகிறேன். நம்மை வென்ற கோலை நாமே பாராட்டி அச்சிடும்போதுதான் வரவேற்பு என்ற சொல்லை அவர்கள் நம்புவார்கள்.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் 1958 பிப்ரவரி 19 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் விற்ற கையேடு நினைவுக்கு வருகிறது. அந்த அணி சென்ற விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாகி 13 நாட்களே ஆகியிருந்தன. யுனைடெட்டின் ஏழு வீரர்கள் இறந்திருந்தார்கள், இன்னொரு வீரர் டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு வந்த அணி ஷெஃபீல்ட் வெட்னஸ்டே. யாரெல்லாம் ஆடுவார்கள் என்று அச்சுக்குப் போகும் நேரத்தில் தெரியாததால், யுனைடெட்டுக்குரிய பதினொரு இடங்களும் வெறுமையாக விடப்பட்டன. அன்று யுனைடெட்டுக்காக ஆடிய ஸ்டான் கிரௌதர் ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த வெற்றிடங்களுக்கு எதிரே, வந்த அணியின் பெயர்கள் மட்டும் முழுமையாக அச்சாகியிருந்தன. ஒலிபெருக்கியில் பெயர்கள் அறிவிக்கப்பட, ரசிகர்கள் பேனாவால் அவற்றை நிரப்பிக்கொண்டார்கள்.

தன் வீட்டில் இழவு விழுந்திருந்தபோதும் வந்தவரின் பெயரை விடாமல் அச்சிட்ட அந்தப் பக்கத்தை எண்ணித்தான், வியாழன் காலையில் எங்கள் வீரர்களின் பட்டியலைப் பார்க்குமுன், வரப்போகும் அணியின் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக இருமுறை சரிபார்க்கிறேன்.