அந்த 32 வெள்ளி அக்காவின் பணம் இல்லை

நேற்று எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஓடியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் வாடகை கட்டிய கார்டு ரசீதையும் வீட்டுக்கார அக்காவின் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் 1,632, இன்னொன்றில் 1,600 என்று சிவப்பு வட்டம் போட்டு, "நடுவில் 32 வெள்ளி எங்கே போனது?" என்று அவர் தம்பி கேட்டிருந்தார். அதற்குக் கீழே பதினொரு பேர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த 32 வெள்ளி அக்காவின் பணம் இல்லை. ஒப்பந்தத்தில் வாடகை 1,600. அக்காவின் கணக்கில் விழுந்தது 1,600. ஒரு காசு குறையவில்லை.

நான் வாடகை கட்டும் ஆப்பில் நடப்பது இதுதான். ஸ்டாம்ப் போட்ட வாடகை ஒப்பந்தத்தையும் அக்காவின் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும். அக்கா எதிலும் பதிய வேண்டியதில்லை, கார்டு மிஷினும் தேவையில்லை. மாதக் கடைசியில் ஆப் என் கிரெடிட் கார்டில் வாடகையையும் அதற்கு மேல் தன் கட்டணத்தையும் சேர்த்துப் பிடிக்கும். என் கட்டணம் 2 விழுக்காடு. 1,600-க்கு 32. ஆக என் கார்டில் 1,632. பிறகு ஆப் தன் கணக்கிலிருந்து சாதாரண வங்கிப் பரிமாற்றமாக 1,600-ஐ அக்காவுக்கு அனுப்பும். கார்டு வழியாக வந்த பணம் என்பதே அக்காவின் வங்கிக்குத் தெரியாது.

அந்த 32-ஐ யார் எடுக்கிறார்கள்? கார்டு கொடுத்த வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் போக வேண்டியது போகும், மிச்சம் ஆப்புக்கு. எனக்கும் வரவில்லை, அக்காவுக்கும் வரவில்லை.

அக்காவின் தம்பிக்கு இந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அவர் பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே யாராவது 100 வெள்ளிக்குக் கார்டு தேய்த்தால் அவர் கணக்கில் 100 வராது, கட்டணம் போகத்தான் வரும். கடையில் வெட்டு விற்பவனுக்கு. அந்த அனுபவத்தை வைத்து, "ஆப் என் அக்காவின் வாடகையில் வெட்டுகிறது" என்று நினைத்துவிட்டார். ஆனால் இங்கே கார்டைத் தேய்க்கும் கடை அக்கா இல்லை, ஆப். வெட்டு ஆப்புக்கு விழுகிறது. அதை ஈடுகட்டத்தான் என்னிடம் 32 வாங்குகிறது. அக்கா தானே கார்டு வாங்கும் வசதி வைத்து, அதில் நான் 1,600 தேய்த்திருந்தால், அப்போது அவருக்குக் குறைந்திருக்கும். இது அதுவல்ல. இத்தனை வருஷம் கடை நடத்துகிறவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? குழுவில் போட்டுத்தான் கேட்க வேண்டுமா?

என் பக்கம் ஒரு தவறு உண்டு. ஜூன் 28-ஆம் தேதி கார்டில் பிடித்த உடனே அந்த ரசீதைத்தான் அக்காவுக்கு அனுப்பினேன். அது கார்டில் பிடித்ததற்கான சாட்சி, அவருக்குப் பணம் போனதற்கான சாட்சி இல்லை. ஆப்பில் இரண்டு கட்டம் இருக்கிறது. கார்டில் பிடித்தாகிவிட்டது என்பது ஒன்று, வீட்டுக்காரருக்கு அனுப்பியாகிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டாவது வந்த பிறகு, 1,600 என்று தெளிவாகப் போட்ட அந்தத் தாளைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். நடுவில் சனி ஞாயிறோ பொது விடுமுறையோ வந்தால், ஐபிஜி வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போகும் பணம் அடுத்த வேலை நாளில்தான் சேரும். அதனால் 1-ஆம் தேதிக்குள் சேர வேண்டுமானால் சில நாள் முன்னதாகவே கார்டில் பிடிக்கிற மாதிரி தேதி வைக்க வேண்டும். அதையும் வைத்துத்தான் கட்டுகிறேன். இதுவரை ஒரு மாதமும் தாமதம் இல்லை.

"உன் பெயரே வரவில்லை, ஏதோ கம்பெனி பெயர் வந்திருக்கிறது, வருமான வரியில் கேட்பார்கள்" என்று ஒருவர் பயமுறுத்தியிருந்தார். அனுப்பியது ஆப், அதனால் அதன் பெயர் வருகிறது. குறிப்பில் வீட்டு எண்ணும் மாதமும் இருக்கின்றன. யார் பெயரில் வந்தாலும் வாடகை வருமானம்தான், அக்கா காட்ட வேண்டியது 1,600. 32 அவர் வருமானமே இல்லை.

"பாயிண்ட்ஸ் சேர்க்கிறான்" என்றார்கள். என் கார்டில் இந்த மாதிரிக் கட்டணத்துக்குப் பாயிண்ட் கிடையாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"கையில் காசில்லாதவன்தான் கடன் வாங்கி வாடகை கட்டுவான்" என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் வலித்தது. நான் ஏர்கான் சர்வீஸ் வேலை செய்கிறேன். வேலை முடித்து பில் கொடுத்தால் காசு ஒரு மாதம், சில நேரம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வரும். என் கார்டு ஸ்டேட்மெண்ட் 25-ஆம் தேதி. ஜூன் 28-இல் பிடித்தது ஜூலை 25 ஸ்டேட்மெண்டில்தான் வரும். அதிலிருந்து 20 நாள், அதாவது ஆகஸ்ட் 14 வரை கட்ட நேரம். ஆக 47 நாள் அவகாசம். அந்த 47 நாளுக்குத்தான் 32 வெள்ளி. ஆண்டுக் கணக்கில் போட்டால் சுமார் 15.5 விழுக்காடு, மலிவு இல்லை என்று எனக்கும் தெரியும். கெடுவுக்குள் முழுசாகக் கட்டாவிட்டால், ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டியும் பிடித்த நாளிலிருந்தே ஏறும். 18 என்றால் 1,632-க்கு மாதம் இன்னொரு 24 வெள்ளிக்கு மேல். அப்படி ஒரு மாதம்கூட நான் விட்டதில்லை. கையில் காசு இருக்கும் மாதங்களில் டுவிட்நவ் வங்கிப் பரிமாற்றத்தில் நேராகவே போடுகிறேன், கட்டணமே இல்லை. இந்த வருஷம் மூன்று மாதம்தான் கார்டு.

இதைவிட நல்ல வழி இருந்தது. பிப்ரவரியில் அக்காவிடம் போய், "கெடுவை 1-இலிருந்து 15-க்கு மாற்றித் தர முடியுமா அக்கா?" என்று கேட்டேன். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு வீட்டுக் கடன் 5-ஆம் தேதி பிடிப்பார்கள் தம்பி, நான் எங்கே போவேன்?" என்றார். நியாயமான பதில். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் கடன் தவறக் கூடாது என்பதற்காகத்தான் என் கையிலிருந்து 32 வெள்ளி போட்டு 1-ஆம் தேதியே சேர்க்கிறேன். நாலு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். தண்ணீர்க் குழாய் வெடித்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு நானே சரிசெய்தேன், பில் கேட்டதில்லை. அந்த என்னைத்தான் 32 வெள்ளி தின்றுவிட்டேன் என்று பதினொரு பேர் பேசினார்கள்.

காலையில் ஆப்பின் இரண்டாவது தாளைக் குழுவில் போட்டேன். வீட்டுக்காரருக்கு அனுப்பியது 1,600, கட்டணம் 32, கட்டியவர் நான் என்று மூன்று வரியும் அதில் இருக்கின்றன. சிவப்பு வட்டம் போட்ட படத்தை எடுத்துவிடுங்கள் என்று அக்காவின் தம்பியிடம் தனியாகவும் கேட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.