ஸ்டேபிள்னா ஆபத்து தாண்டியாச்சா?

“டாக்டர் ‘ஸ்டேபிள்’னு சொன்னா ஆபத்து தாண்டியாச்சு. ‘சப்போர்ட்’னு சொன்னா கையை விரிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.”

இப்படித்தான் பலரும் நினைக்கிறாங்க, ஆனா ரெண்டுமே தப்புங்க. நான் ஐ.சி.யூ. நர்ஸ், இதை நம்பித் தவிச்சுப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கேன்.

ஸ்டேபிள்னா பிரஷர், நாடித்துடிப்பு, மூச்சு எல்லாம் சில மணி நேரமா மாறாம இருக்கு, அவ்வளவுதான். சப்போர்ட்னா உடம்பால முடியாத வேலையை மருந்தோ மெஷினோ செய்யுது.

ரத்தத்துல கிருமி பரவி வந்த பெரியவர் ஒருத்தர். மானிட்டர்ல பிரஷர் 110/70. மகன் அதைப் பார்த்துட்டு நிம்மதியாக் கிளம்பினார். பக்கத்துல சிரிஞ்ச் பம்ப்புல பிரஷரை ஏத்துற நார்அட்ரினலின் மருந்து ஓடுறதை அவர் கவனிக்கலை. ராத்திரிக்குள்ள மணிக்கு 5 மில்லியிலிருந்து 12 மில்லி வரைக்கும் ஏத்த வேண்டியதாச்சு. பிரஷர் மட்டும் அதே 110. அதைத் தாங்கிப் பிடிச்சது மருந்து. 3ஆம் நாள் மருந்து குறைய ஆரம்பிச்சது, 6ஆம் நாள் வார்டுக்குப் போயிட்டார்.

அதனால இப்படிக் கேளுங்க: “பிரஷர் மருந்து நேத்தைவிடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?”

‘வீனிங்’னா வென்டிலேட்டரைக் கழட்டுறதுன்னு கமென்ட்ல சொன்ன அண்ணா, பாதி சரி. மெஷின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, தானா மூச்சு விடுறாரான்னு பார்ப்பாங்க. முடியலைன்னா மறுபடி கூட்டுவாங்க.

அம்மாவோட ‘கல்ச்சர் நெகட்டிவ்’ பத்திக் கேட்ட அக்கா, எடுத்த சாம்பிளை லேப்ல வச்சுப் பார்த்தப்போ கிருமி வளரலைன்னு அர்த்தம். முன்னாடியே ஆன்டிபயாடிக் போட்டிருந்தாலும் அப்படி வரலாம். உங்க அம்மாவுக்கு எதுனாலன்னு இங்கிருந்து சொல்ல முடியாது, டாக்டர்கிட்டயே கேளுங்க.