கோப்பெருஞ்சிங்கன் மட்டுமா சோழ அரசை வீழ்த்தினான்?

சோழர் வீழ்ச்சி பற்றிப் பேச்சு வந்தால் நம்ம கடலூர்ப் பக்கம் ஒரே பதில்தான்: சோழருக்குக் கீழிருந்த காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் துரோகம் செய்தான், கதை முடிந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டால் பாண்டியன் என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை, அதனால்தான் இரண்டும் நிற்கவில்லை.

திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் இராசராசனுக்கு 15ஆவதின் எதிராமாண்டு என்று காலம் சொல்கிறது. 15க்கு அடுத்த ஆண்டு, அதாவது 16ஆவது ஆட்சியாண்டு என்று பொருள். அவன் ஆட்சி 1216இல் தொடங்கியதால் 1231-32 வரும். ‘எதிராம்’ என்பதை விட்டுவிட்டு 15 என்று மட்டும் படிப்பவர்கள் ஓராண்டு தவறுவது வழக்கம்.

செய்தி இதுதான். கோப்பெருஞ்சிங்கன் சோழ அரசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்திருக்கிறான். கன்னட நாட்டுப் போசள அரசன் வீரநரசிம்மன் தன் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பி, வழியில் மகர நாட்டை அடக்கிவிட்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்புகிறான். அவர்கள் பொன்னம்பலத்தில் வணங்கி, நம்ம திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகையையும் திருவக்கரையையும் அழித்து, சேந்தமங்கலத்தை நோக்கி நகர்கிறார்கள். அப்புறம்தான் காடவன் இறங்கிவந்து அரசனை விடுவிக்கிறான். எதிரணியைச் சொல்லும்போது ஈழத்துப் பராக்கிரமபாகுவின் பெயரும் வருகிறது.

இதில் யார் பெயர் வரவில்லை என்று பாருங்கள். மன்னனே சிறையில் கிடக்கிறான், மீட்கப் போகும் சோழப் படைத்தலைவன் ஒருவனும் இல்லை. போசளர் தங்கள் பெருமையைச் சொல்லும் கல்வெட்டு என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் இந்த வெறுமை துரோகத்தை விடப் பெரிய செய்தி.

இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள்? ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, ‘இது முன்பு வந்தபோது ஏன் சோழர் விழவில்லை?’ என்று கேட்டுப் பார்ப்பதுதான் என் வழி. 1070இல் அதிராசேந்திரன் மறைந்தபோது வந்த வாரிசுக் குழப்பம் 1216ஐ விட மோசம். வேங்கியிலிருந்து வந்த முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறினான். ஈழம் அவன் காலத்திலேயே போனது, கங்கவாடியைப் போசளர் பறித்தார்கள். ஆனாலும் 1086இல் நிலத்தை அளக்க அரசின் ஆட்கள் ஊர் ஊராகப் போக முடிந்தது. அரசின் கை ஊர்வரை எட்டியது, அதனால் அடி தாங்கியது.

நூறு ஆண்டு கழித்து அந்தக் கை சுருங்கியிருந்தது. ஊரைக் காக்க மக்கள் கொடுத்த பாடிகாவல் வருவாய் பல இடங்களில் காடவராயர் போன்ற குறுநிலத் தலைவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களோ தங்களுக்குள்ளேயே உடன்படிக்கை செய்து, இன்னார் இன்னாருக்குத் துணை என்று கல்லில் வெட்டிக்கொண்டார்கள். காடவர் முதலில் கலகக்காரர் இல்லை, சோழர் வளர்த்த அதிகாரிகள். இவர்களைக் கொண்டே எல்லையைக் காத்ததால் அரசனால் இவர்களை விலக்கவும் முடியவில்லை.

அதே நேரம் பஞ்சமும் வந்தது. 1201இல் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தன்னையும் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட கல்வெட்டு இருக்கிறது. இதை வைத்தே நாடு முழுக்கப் பஞ்சம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு கல்வெட்டு அத்தனை பாரம் சுமக்காது. ஆனால் காவிரிப் பகுதியிலேயே இப்படி நடந்தது என்றால் வரி வரவு சீராக இருந்திருக்காது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

பாண்டியர் விஷயத்தில் சோழர் தாங்களே விதைத்துக்கொண்டார்கள். மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் முடிசூட்டு மண்டபத்தை இடித்துக் கழுதை ஏர் பூட்டினான். அந்த அவமானத்துக்கு மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்துப் பதில் சொன்னான், பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். ‘சோணாடு வழங்கியவன்’ என்ற பெயரே அதனால் வந்தது. திருப்பித் தரவைத்தவர் போசளர். தங்களுக்கும் பாண்டியனுக்கும் நடுவே மெலிந்த சோழன் ஒருவன் இருப்பது அவர்களுக்கு வசதி. பாண்டியன் வந்தபோதும் காடவன் பிடித்தபோதும் அவர்கள்தான் காப்பாற்றினார்கள். இரண்டாவது முறை முடிந்தபோது சோழனுக்குத் தனியாக நிற்கும் பழக்கமே போயிருந்தது. மூன்றாம் இராசேந்திரன் சற்றே தலைதூக்கியபோது அதே போசளர் பாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள்.

காடவன் ஒருவனே காரணம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. துரோகம் பலித்திருந்தால் லாபம் அவன் குடிக்குத்தானே போயிருக்க வேண்டும்? மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் 1279இல் நின்றுபோகின்றன. காடவன் மகன் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனுடையவையும் அதே 1279இல் நின்றுபோகின்றன.