அந்த மெயிலை அனுப்பாமலே இருந்திருக்கலாம்

எங்கள் ஆபீஸ் பையன் ஒரு கிளையண்டுக்கு அனுப்பிய இரங்கல் மெயில் என்னை உறுத்தியதைப் பற்றி முந்தாநாள் நாலு வரி போட்டேன், அதற்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முழுக்கதையும் தெரியும். தொண்ணூறு கமெண்டில் பாதிப்பேர் என்னைத்தான் திட்டியிருக்கிறீர்கள். "அக்கா ரொம்ப ஓவர்", "பாவம், பையன் நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினான்", "செத்த வீட்டுக்கு மெயில் போட்டதே பெரிய விஷயம்". சரி, கையில் டீயோடு உட்கார்ந்து நிதானமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கிளையண்ட், பம்பாய் மஸ்ஜித் பந்தரில் சாயப்பொருள் இறக்குமதி செய்கிற குஜராத்தி. எங்கள் கம்பெனிக்குப் பதினோரு வருஷப் பழக்கம். அவருடைய அம்மா சனிக்கிழமை காலமானார். திங்கட்கிழமை காலை துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கிற எங்கள் கிளியரிங் ஆபீஸிலிருந்து இரங்கல் மெயில் போனது. எப்படிப் போனது தெரியுமா? அவரிடமிருந்து கடைசியாக வந்த மெயிலைத் திறந்து, அதிலேயே ரிப்ளை ஆல். சப்ஜெக்ட் `Re: Re: FW: Outstanding Payment - 2nd Reminder`. சிசியில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் ஷிப்பிங் லைன்காரர்கள். முதல் பத்தியில் ஆழ்ந்த இரங்கல். இரண்டாவது பத்தியில் ஆன்மா சாந்தியடையட்டும். மூன்றாவது பத்தியில், "இதற்கிடையில் கீழே உள்ள பாக்கியைக் கொஞ்சம் கவனிக்கவும்". எல்லாவற்றுக்கும் அடியில் நம் கம்பெனி கையெழுத்து, அதற்கும் அடியில் சிரிக்கிற விமானம் ஒன்று, "இந்த மாதம் ஏர் கார்கோவுக்குச் சிறப்புக் கட்டணம்!" ஆச்சரியக்குறியோடு.

இதைத்தான் நல்ல எண்ணம் என்கிறீர்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இரங்கல் மெயில் தனி மெயிலாகப் போக வேண்டும். புது மெயில், புது சப்ஜெக்ட், அவர் ஒருவருக்கு மட்டும். அதில் வேறு எந்த வேலையும் ஏறக்கூடாது. பாக்கி, கண்டெய்னர், மீட்டிங், எதுவும்.

"சப்ஜெக்ட்ல என்ன இருக்கு, உள்ள எழுதினதுதானே முக்கியம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, அவர் அதைப் பார்ப்பது போனில். அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனிதரின் போன் திரையில் முதலில் தெரிவது சப்ஜெக்ட்தான். பாக்கி, இரண்டாவது நினைவூட்டல். அதைத் தாண்டி உள்ளே போய் உங்கள் இரங்கலைத் தேடி எடுத்துப் படிக்க அவருக்கு என்ன தலைவிதி? இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதே இல்லை. மெயில் அழியாது. இரண்டு வருஷம் கழித்து ஏதோ ஒரு பழைய இன்வாய்ஸைத் தேடி outstanding என்று தட்டுவார், அவர் அம்மா இறந்த செய்தி அந்த வரிசையில் வந்து நிற்கும், டெமரேஜ் பில்லுக்கும் ஜிஎஸ்டி சந்தேகத்துக்கும் நடுவில்.

இத்தனைக்கும் இது முதல் ட்ராஃப்ட் இல்லை. முதல் ட்ராஃப்டை நான் பார்த்துத் தடுத்தேன். அதில் "உங்கள் தந்தையின் மறைவு" என்று இருந்தது. அவர்கள் ஆபீஸிலிருந்து போன் செய்தவர் "பா ஆஃப் தை கயா" என்றிருக்கிறார். குஜராத்தியில் பா என்றால் அம்மா, ஆஃப் தை கயா என்றால் காலமாகிவிட்டார். சில வீடுகளில் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் தாராவிப் பையன் காதில் அது "அப்பா"வாக விழுந்துவிட்டது. தப்பில்லை, எனக்கும் பம்பாய் வந்த புதிதில் இந்தக் குழப்பம் இருந்தது. ஆனால் இறந்தது யார் என்று திரும்பப் போன் போட்டுக் கேட்க இரண்டு நிமிஷம் ஆகுமா? நான்தான் கேட்டேன். கேட்டுச் சொல்லிவிட்டு நான் ஜேஎன்பிடி துறைமுகத்துக்குக் கிளம்பினேன். திரும்பி வருவதற்குள் அந்த ரிப்ளை ஆல் போய்விட்டது.

"குறை சொல்றது ஈஸி, நீங்க எழுதிக் காட்டுங்க" என்றும் ஒருவர். எழுதினேன். அன்று மதியமே, என் பெயரில், தனியாக. சப்ஜெக்டில் அம்மாவுக்கு அஞ்சலி என்ற பொருளில் இரண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் சொல்கிறேன்.

"பாய், அம்மா காலமான செய்தி உங்கள் ஆபீஸ் மூலம் தெரிந்தது. மிகவும் வருந்துகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் 'பா கொடுத்தனுப்பினார்' என்று சொல்லி நீங்கள் நீட்டுகிற மோகன்தால் டப்பா எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்த வாரம் நம் வேலை எதற்காகவும் நீங்கள் போனை எடுக்க வேண்டாம், உங்கள் அண்ணன் மகனோடு பேசி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம்."

அவ்வளவுதான். எப்படி இறந்தார், என்ன வயது என்று கேட்கவில்லை. "நல்ல வயசுதானே, கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார்" என்று எழுதவில்லை, அதை அவர் சொல்லலாம், நான் சொல்லக்கூடாது. "என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பதையும் எழுதவில்லை. அதைக் கேட்டால் அவர் உட்கார்ந்து நமக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டும். அதைவிட, எந்தச் சுமையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிடுவது மேல். டப்பா விஷயம் மட்டும் ஏன் என்றால், அது என்னிடம் நிஜமாகவே இருந்தது. அவர் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதவரைப் பற்றி "அன்பின் வடிவம்" என்று எழுதினால் அது யாருக்கு எழுதியது?

நம் ஊரில் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டோம். சத்தமில்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். அதே ஆள்தான் மெயிலில் "தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்" என்று முடிக்கிறார். சாவு வீட்டு வாசலில் நின்று "அப்புறம்? எப்ப பார்க்கலாம்?" என்று கேட்கிற மாதிரி இல்லையா அது?

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன், இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். "பிசினஸ் நிக்குமா? துறைமுகம் காத்திருக்குமா?" காத்திருக்காது. எனக்கா தெரியாது? பதினெட்டு வருஷமாக இந்த லைனில் இருக்கிறேன். அவருடைய இரண்டு கண்டெய்னர்கள் அப்போது அதே துறைமுகத்தில், நவஷேவாவில் நின்றன, ஷிப்பிங் லைன் கொடுத்த இலவச நாள் வியாழக்கிழமையோடு முடிகிறது. அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் பணம். அதனால்தான் இரண்டாவது மெயில். திங்கள் சாயங்காலம் அண்ணன் மகனுக்கு முதலில் போன் செய்து, "இந்த வாரம் இதை நீங்கள் பார்க்கிறீர்களா, வேறு யாரிடம் பேசட்டும்" என்று கேட்டுவிட்டு, அவருக்கும் அவர்கள் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் எழுதினேன். டூட்டி எவ்வளவு கட்ட வேண்டும், டெலிவரி ஆர்டருக்கு எந்தக் காகிதம் பாக்கி, வியாழன் தாண்டினால் ஒரு நாளைக்கு எவ்வளவு. கண்டெய்னர் நம்பர் சப்ஜெக்டில். கிளையண்ட் பெரியவரின் பெயர் சிசியில்கூட இல்லை. புதன்கிழமை டூட்டி கட்டினார்கள், வியாழன் மதியம் இரண்டு வண்டியும் வெளியே வந்தன. யாருக்கு என்ன நஷ்டம்?

பாக்கிப் பணமும் அப்படியே. சின்னக் கம்பெனி, சம்பளம் போட வேண்டும், புரிகிறது. கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். பெரியவரிடம் கேட்க வேண்டுமென்றால் பதிமூன்றாம் நாள் தாண்டட்டும். ஆனால் ஒன்று. நம் பில்லிங் சாஃப்ட்வேர் புதன்கிழமை தானாகவே மூன்றாவது ரிமைண்டரை அவருக்கு அனுப்ப இருந்தது, "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று. செவ்வாய் இரவு பத்து மணிக்கு எனக்கு ஞாபகம் வந்து, அக்கவுண்ட்ஸ் பெண்ணை எழுப்பி நிறுத்தச் சொன்னேன். இதற்கும் "ஓவர்" என்றுதான் சொல்வீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பிய பொம்மை போட்டால் போதாதா என்றவருக்கு: போதும், உங்களுக்கு.

நேரில் போனேனா என்று கேட்டவருக்கு: போனேன். அவர்கள் பேப்பரில் கொடுத்த அறிவிப்பில் பேஸ்ணு என்கிற அஞ்சலிக் கூட்டம் செவ்வாய் நாலிலிருந்து ஆறு என்றும், லௌகிக வழக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் இருந்தது. வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வராதீர்கள், அந்த இரண்டு மணி நேரத்தில் வந்தால் போதும் என்று அர்த்தம். "வீட்டுக்கு எப்போது வரலாம்" என்று நம் பாஸ் மெயில் போட நினைத்தார், அதையும் நான்தான் நிறுத்தினேன். போய், கைகூப்பி, பத்து நிமிஷம் பஜனை கேட்டுவிட்டு வந்தேன்.

ஏன் இதற்கு இவ்வளவு ஆட்டம் என்று என் தங்கையே கேட்கிறாள். ஏனா?

அப்பா செம்பூர் வீட்டில் இறந்தபோது நான் வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன். மறுநாள் எச்ஆரிலிருந்து மெயில் வந்தது. "உங்கள் அன்புத் தாயாரின் மறைவுக்கு". அம்மா என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ போன மாசம் அனுப்பியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் லீவு எத்தனை நாள், வேலையை யாரிடம் ஒப்படைக்கிறேன் என்று ஒரு வரி. அம்மா "ஆபீஸ்ல என்னடி சொல்றாங்க" என்று கேட்டாள். "வருத்தப்படுறாங்கம்மா" என்றேன்.

அன்று ராத்திரி ராட்டர்டாமிலிருந்து ஓர் ஏஜெண்ட் எழுதினார், நேரில் பார்த்தே இராதவர். மூன்று வரி. உங்கள் அப்பா விடியற்காலை நாலு மணிக்கு ரேடியோ போட்டு வீட்டையே எழுப்புவார் என்று ஒருமுறை நீங்கள் போனில் சொன்னீர்கள், நான் சிரித்தேன், அவர் இல்லை என்று கேட்டு வருத்தமாக இருக்கிறது, பதில் வேண்டாம். நான் எப்போது சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை. அந்த மெயிலை ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். கம்பெனி மாறும்போது என் சொந்த ஐடிக்கு அனுப்பிக்கொண்ட ஒரே மெயில் அதுதான்.

ஆங்கிலம் தெரியாத பையன் என்கிறீர்கள். ராட்டர்டாம்காரருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, மூன்று வரியில் இரண்டு தப்பு இருந்தது. பையனை நான் திட்டவும் இல்லை, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். "மெயில் போட்டுட்டேன்ல அக்கா, அப்புறம் என்ன" என்றான். அந்த "போட்டுட்டேன்ல" தான் என்னை உறுத்தியது, அதைத்தான் நாலு வரியாக எழுதினேன், நீங்கள் தொண்ணூறு பேர் வந்துவிட்டீர்கள்.

பெரியவர் இன்னும் எனக்குப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றுதானே சொன்னேன்.

அப்புறம், தயவுசெய்து கீழே யாரும் "உங்கள் அப்பாவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று போடாதீர்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது.