எண்ணப்படுவது வாசகர்கள் இல்லை, முகவரிகள்

செய்திமடல் அனுப்பும் மெயில் கருவியில் தொடர்புகளின் எண்ணிக்கை ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறுவதைப் பற்றி, "பட்டியல் வளர்ந்தால் விற்பனையும் வளரும், கட்டணம் கூடுவது தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள் - மெயில் வாங்குகிறவர்கள் மட்டும் எண்ணப்பட்டால் சரி, ஆனால் என் அனுபவம் வேறு. ஆன்லைனில் மசாலாப் பொடி விற்கிறேன், 2,500 தொடர்புகள் வரைக்குமான திட்டத்தில் இருந்தேன், ஒரு மாதம் பில் திடீரென்று அடுத்த படிக்குப் போயிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் 2,612 பேர். அதில் 340 பேர் மெயில் வேண்டாம் என்று விலகியவர்கள், 505 பேர் கடையில் பொருள் வாங்கும்போது முகவரி கொடுத்ததோடு சரி, செய்திமடலுக்குச் சம்மதமே சொல்லாதவர்கள். கடை மென்பொருளை இணைத்த நாளிலிருந்து அவர்கள் தானாக உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஆக நான் அனுப்பக்கூடியது 1,767 பேருக்குத்தான், பழைய படியே தாராளம். இப்போது மாதக் கடைசியில், பில் தேதிக்கு முன்னாலேயே, விலகியவர்களை ஆர்க்கைவ் செய்துவிடுகிறேன், என் கருவியில் அப்படிச் செய்தால் கணக்கில் வராது. அதற்குப் பதிலாக "அழித்துவிடுங்கள்" என்று சொல்கிறவர்களும் உண்டு, அதில் ஒரு சிக்கல்: அழித்தால் விலகிய பதிவும் சேர்ந்து போய்விடலாம், அப்புறம் பழைய எக்செல் கோப்பை மறுபடி ஏற்றும்போது அதே ஆளுக்கு மெயில் போய் ஸ்பாம் புகார் வரும். இன்னொன்று, எண்ணிக்கை ஏறினால் படி தானாக ஏறியது, இறங்கியபோது நானேதான் போய்த் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் கூடுதலாகக் கட்டினேன்.