முதல் புத்தகத்துக்கு ரிவ்யூ கேக்குறவங்களுக்கு

காரைக்குடி பக்கம் இப்ப நெறைய பேரு முதல் புத்தகம் போடுறாங்க, ரொம்ப சந்தோசம். ஆனா மண்டபம், பொன்னாடை, ஃப்ளெக்ஸ்னு மொத்த காசும் வெளியீட்டு விழாவுக்கே போயிருது. அன்னைக்கு வாங்குறவங்க நம்ம சொந்தபந்தம், அவங்க எப்படியும் வாங்குவாங்க. முகம் தெரியாத ஒருத்தர் வாங்கணும்னா இன்னொரு முகம் தெரியாதவர் படிச்சுட்டு எழுதியிருக்கணும், நான் இதத்தான் எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

தேவகோட்டை தம்பி ஒருத்தர் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு செய்யுற குடும்பத்தப் பத்தி எழுதினாரு. புத்தகம் வர்றதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே, அவரு ரொம்ப நாளா இருக்குற வாசகர் வாட்சப் குரூப்ல வாரம் ஒரு போட்டோ, கூட புத்தகத்துல இருந்து ஒரு பத்தி, அவ்ளோதான் போட்டாரு. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறது, கல்ல தண்ணில ஊறப்போடுறது, இப்படி. வாங்குங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. "கண்ணாடி எதுக்கு"ன்னு கேட்டவங்க, "எங்க ஐயா வீட்டுலயும் இந்தக் கல்லுதான்"னு எழுதினவங்க பேரெல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டோம். இலவசமாக் கொடுக்க ஒதுக்குனது மொத்தம் இருபது, முன்பிரதி அவங்களுக்குத்தான் போச்சு.

"அண்ணே, நல்லபடியா எழுதச் சொல்லவா?"ன்னாரு. கூடவே கூடாது தம்பின்னேன். அனுப்பின மெசேஜ் இதுதான்: படிச்சுட்டு தோணுறத எழுதுங்க, எழுதலேன்னாலும் பரவால்ல, எழுதினா, இலவசமா வந்த பிரதியப் படிச்சேன்னு அதுல ஒரு வரி சேத்துருங்க. அமேசான்லயும் விதி அப்படித்தான், இலவசமா கொடுக்கலாம், ஆனா அதுக்குப் பதிலா ரிவ்யூ எழுதியே ஆகணும்னு கேக்கக் கூடாது, காசும் கொடுக்கக் கூடாது. அத்தை, மச்சான் போடுற அஞ்சு ஸ்டாரும் அங்க செல்லாது, கண்டுபிடிச்சா தூக்கிருவாங்க. படிக்கிறவங்களுக்கே தெரிஞ்சுரும், பின்னட்டையில இருக்குறதத் தாண்டி ஒரு விசயமும் இருக்காது, நாலஞ்சு ரிவ்யூ ஒரே நாள்ல ஒரே மாதிரி வந்து நிக்கும்.

இருபதையும் ஒரே நேரத்துல கொடுக்கல. வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்னாடி பத்து, புத்தகம் வந்து ஒரு மாசம் கழிச்சு அஞ்சு, மிச்சம் அஞ்சு கையில. வாங்குன எல்லாரும் எழுத மாட்டாங்க, பாதிப் பேரு எழுதினாலே பெருசு. ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல கேட்டா முகம் சுளிப்பாங்க. இப்படிப் பிரிச்சுக் கொடுத்தா ரிவ்யூவும் தானா விட்டு விட்டு வரும், விழா முடிஞ்ச வாரத்தோட பேச்சு அடங்கிப் போகாது.

மூணு ஸ்டார் ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது அத்தியாயத்துல தாத்தா பேரும் பேரன் பேரும் ஒண்ணா இருக்கு, யாரு யாருன்னு புரியல, ஆனா கல்லு ஊறப்போடுற பகுதிக்காகவே வாங்கலாம்னு எழுதியிருந்தாங்க. தம்பிக்கு மனசு கஷ்டமாயிருச்சு, அங்கயே பதில் எழுதப் போனாரு, வேணாம்னு நிறுத்தினேன். நம்ம ஊருல தாத்தா பேரத்தானே பேரனுக்கு வைக்கிறோம், வெளியூர்க்காரங்களுக்கு அது எப்படிப் புரியும். தேவைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அச்சடிக்கிற புத்தகம்ங்கறதால அடுத்த கட்டுலயே ஒரு பக்கத்துக்கு வம்சாவளிப் படம் சேத்தாச்சு. அப்புறம் குரூப்ல புத்தகம் வாங்கினேன்னு சொன்ன ரெண்டு மூணு பேரு அந்த மூணு ஸ்டார் ரிவ்யூவப் பாத்துத்தான் வாங்கினதாச் சொன்னாங்க.

கையில இருக்குற அஞ்சு பிரதி, ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சி முடிஞ்சு குரூப்ல புதுசா வந்து கேள்வி கேக்குறவங்களுக்கு.