பிளீடர் நட்டை மழுக்கிப்போட்டு "கலிப்பரை மாத்துங்கோ" என்கிறார்கள்

பிறேக் ஒயில் மாற்றத்தான் காரைக் கொண்டுபோனேன். முன் வலது சில்லைக் கழற்றிய பையன், கையில் கிடைத்த வாய் திறந்த ஸ்பனரை எடுத்துக் கலிப்பரின் பிளீடர் நட்டில் மாட்டி ஒரே இழுவை இழுத்தான். நட் அசையவில்லை. இன்னும் ஒரு இழுவை. ஸ்பனர் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை மாட்டும்போது அந்த நட்டில் மூலை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவன் சொன்னது: "அண்ணை, இது இறுகிப்போச்சு. கலிப்பரை மாத்துங்கோ."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை! ஒரு சொட்டுக் கறள் ஒயில் விடவில்லை, கம்பித் தூரிகையால் ஒரு தேய்ப்புத் தேய்க்கவில்லை. எரிச்சல் வருமா வராதா?

அந்த நட் எவ்வளவு பாவப்பட்ட பொருள் என்று கொஞ்சம் யோசியுங்கள். அது கெட்டியான போல்ட் அல்ல. நடுவில் நீளத்துக்கு ஓட்டை, அடியில் குறுக்காக இன்னொரு ஓட்டை. பிறேக் ஒயிலும் காற்றும் வெளியே வருவதே அந்த வழியால்தான். அதனால் அதன் சுவர் மெல்லியது. தலையும் சின்னது. என் காரில் 10 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர் வைத்த கார்களும் உண்டு. வாய் திறந்த ஸ்பனர் அந்த ஆறு மூலையில் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். கொஞ்சம் வாய் அகன்ற பழைய ஸ்பனர் என்றால் அதுவும் இல்லை. அதை அசையாத நட்டில் போட்டால் மூலை மழுங்காமல் வேறு என்ன நடக்கும்? பன்னிரண்டு மூலைச் சொக்கற்றும் இதற்குச் சரிவராது. அது மூலையின் நுனியிலேயே தொங்கும்.

இனி கறள் எங்கிருந்து வந்தது? நான் கிழமையில் ஐந்து நாள் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குப் போய் வருகிறவன். இரண்டு பக்கமும் கடல், காற்றில் உப்பு. நட்டின் மேலிருக்கும் சின்ன றப்பர் மூடி எப்போதோ காணாமல் போயிருக்கிறது. போன முறை வேலை செய்தவர்கள் திருப்பிப் போடவில்லை என்பதுதான் என் கணிப்பு. மூடி இல்லாவிட்டால் ஈரம் ஓட்டைக்குள்ளும் தங்கும், மரையின் வாய்க்குள்ளும் இறங்கும். அதோடு ஆட்கள் அந்த நட்டை மூச்சடக்கி இறுக்குகிறார்கள். எதற்கு? ஒயிலைத் தடுப்பது மரை அல்ல, அடியில் இருக்கும் கூம்பு. அது தன் இருக்கையில் போய் அமர்ந்தால் காணும். குட்டை ஸ்பனரால் மணிக்கட்டு விசையில் இறுக்குவதே போதுமானது.

இடது பக்கத்தை நான் தொடவே விடவில்லை. வலது பக்கத்தில் ஒயில் மாற்றாமலே காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முற்றத்தில் ஜக் போட்டு, ஸ்ராண்ட் வைத்து, இரண்டு பின்னேரம் மினக்கெட்டேன். அந்தப் பையன் செய்திருக்க வேண்டியது இதுதான்.

முதலில் மழுங்காத இடது பக்க நட்டின் தலையைச் சுற்றி இருந்த கறளையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் பளிச்சென்று வரும்வரை தேய்த்தேன். கறள் ஒட்டியிருந்தால் சொக்கற் முழுதாக இறங்காது. இறங்காத சொக்கற்தான் மழுக்கும். பிறகு மரை கலிப்பருக்குள் நுழைகிற இடத்தில் கறள் இளக்கும் ஒயில் இரண்டு சொட்டு. டிஸ்க்கிலும் பிறேக் பாட்களிலும் படாமல் துணி சுற்றினேன். நட்டின் ஓட்டைக்குள்ளும் விடக்கூடாது. அந்த ஒயில் பிறேக் ஒயிலோடு கலந்தால் உள்ளே இருக்கும் றப்பர்கள் ஊதிவிடும். அன்று அவ்வளவுதான். இரவு ஊறவிட்டு, காலையில் இன்னும் இரண்டு சொட்டு.

அடுத்த பின்னேரம் ஒரு டிரில் பிட் எடுத்தேன். நட்டின் ஓட்டைக்குள் ஆட்டமில்லாமல் போகிற அளவு. அதன் மழமழப்பான பின்பக்கத்தை உள்ளே விட்டு, அடியில் முட்டி வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்க, சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டினேன். பலமான அடி வேண்டாம், இருபது முப்பது சின்னத் தட்டு. அந்த அதிர்வு கூம்புக்கும் மரைக்கும் போய்க் கறளை உடைக்கும். உள்ளே கம்பி நிற்பதால் மெல்லிய சுவரும் நசுங்காது.

அதற்குப் பிறகுதான் சொக்கற். ஆறு மூலை, நீளமானது, ஏனென்றால் நட்டின் முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சொக்கற்றின் வாய் உட்பக்கமாகச் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். கட்டையான தலையில் அந்தச் சரிவு பிடியில் பாதியைத் தின்றுவிடும். நான் ஒரு பழைய சொக்கற்றின் வாயைக் கிறைண்டரில் தட்டையாக உரைஞ்சி வைத்திருக்கிறேன். அதை, கால் அங்குல ராச்சற்றில் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கமாக. அசையாவிட்டால் திரும்பவும் கம்பி, திரும்பவும் தட்டு.

நான்காவது சுற்றில் "டிக்" என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது. அப்போதும் ஒரேயடியாகத் திருகவில்லை. கால் சுற்றுக் கழற்றி, திரும்ப உள்ளே விட்டு, ஒயில் விட்டு, இன்னும் கொஞ்சம் கழற்றி எடுத்தேன்.

கைக்குத் தெரியவேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. "டிக்" என்றால் மரை விட்டது. சத்தமில்லாமல் பாகுபோல இளகித் திரும்பினால் நட் முறுகுகிறது. அந்த இடத்தில் கையை எடுக்காவிட்டால் தலை கையோடு வரும், மிச்சம் கலிப்பருக்குள் கிடக்கும்.

இதற்கும் அசையாவிட்டால் சூடு. கலிப்பரைக் காரிலிருந்து கழற்றி, ஒயிலை வடித்து, நட்டைச் சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்க வேண்டும், நட்டை அல்ல. வார்ப்பு விரிந்தால்தான் மரை பிடியை விடும். ஆனால் அந்தச் சூட்டுக்குப் பிஸ்டன் சீலும் தூசி மூடியும் தப்பாது, புதுசு போடவேண்டும். சில்லுக்குள் கலிப்பர் இருக்கும்போதே லைட்டரும் கையுமாக நிற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறேக் ஒயில் தீப்பிடிக்கும்!

மழுங்கிய வலது பக்கத்துக்கு வருகிறேன். 10 மில்லிமீற்றர் தலைக்கு மேல் அங்குலத்தில் எட்டில் மூன்று அளவு உள்ள ஆறு மூலைச் சொக்கற்றைத் தட்டி ஏற்றினேன். அது ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர், இறுகப் பிடித்தது. ஆனால் திருகும்போது அந்தப் பாகுத் தன்மை கையில் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். கலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் சீல்களையும் எடுத்துவிட்டு லேத் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மழுங்கிய தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். பிடியும் கிடைத்தது, சூடும் உள்ளே இறங்கியது. சிவப்பு ஆறியதும் ஸ்பனர் போட்டார், சிணுங்காமல் கழன்றது. அதற்குப் பிறகு சீல் செற், புது நட், லேத் கூலி, ஒரு நாள் லீவு. இரண்டு சொட்டு ஒயிலும் ஒரு இரவும் காத்திருந்தால் வந்திருக்காத செலவு இது!

புது நட்டுகளின் மரையில் மேல்பாதிக்கு மட்டும் பிறேக்குக்கு உரிய கிறீஸ் பூசினேன், கூம்பில் தொடவில்லை. மூடிகள் நாலும் புதுசு. இனி என் காரின் சில்லைக் கழற்றப்போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் கையில் என்ன சொக்கற் வைத்திருக்கிறார் என்று எனக்குக் காட்டட்டும்.